இருபத்தைந்து வீதக் கழிவும் ஒரு வெள்ளிக்கிழமைச் சஹனும்

காரணம் சொல்லாமல் ஒரு தொகையைக் கழிப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. வீட்டிலும் அப்படித்தான், வேலையிலும் அப்படித்தான். "ஏன் கழிச்சீங்க?" என்று கேட்பேன். "வழக்கமா கழிக்கிறதுதானே" என்று பதில் வந்தால் அன்றைக்கு அந்த ஆளுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்தான்.

கல்யாணத்துக்கு முன் கொழும்பில் ஒரு பங்குத் தரகர் நிறுவனத்தில் ஆய்வுப் பிரிவில் இருந்தேன். ஐந்தாறு தொழில்களை ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும் பெரிய குழுமங்கள்தான் என் பாடு. அவற்றை மதிப்பிட ஒரு வழி உண்டு. ஒவ்வொரு தொழிலையும் தனியாக எடுத்து, அந்தந்தத் தொழிலுக்குப் பொருந்திய அளவுகோலால் அளந்து, எல்லாவற்றையும் கூட்டி, கடனைக் கழிப்பது. அப்படிக் கூட்டி வரும் தொகையை விடப் பங்குச் சந்தையில் அந்தக் குழுமத்தின் விலை பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அந்தக் குறைவுக்குக் குழுமக் கழிவு என்று பெயர். எங்கள் ஒபிசில் அதைக் கறிக்கு உப்புப் போடுவது போலக் கைக்கணக்கில் போடுவார்கள். இருபது வீதம், இருபத்தைந்து வீதம். ஏன் இருபத்தைந்து, ஏன் பதினேழு இல்லை என்று நான் கேட்டுக் கேட்டுச் சண்டைக்காரி என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

பிறகு மாத்தளைக்குத் திரும்பி வந்தேன். அப்பா உக்குவளைப் பக்கத் தோட்டம் ஒன்றில் கிளாக்கராக இருந்தவர், ஆகவே இது எனக்குப் புது ஊர் அல்ல. வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டு, கம்பெனிகளுக்கு மதிப்பீடு செய்து கொடுக்கத் தொடங்கினேன். போர்நிறுத்தம் இருந்த காலம் அது. வடக்கே போகும் பாதையைத் திறந்திருந்தார்கள். எங்கள் ஊர் வழியாக யாழ்ப்பாணத்துக்கு லொறிகள் போவதைப் பிள்ளைகள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். சோதனைச் சாவடியில் பீப்பாய்கள் இன்னும் கிடந்தன, ஆனால் நிற்கும் இராணுவப் பையன்கள் சிரித்துப் பேசினார்கள். எல்லாரும் கொஞ்சம் தைரியமாக யோசித்த காலம். அதனால்தான் டீச்சரும் என்னிடம் வந்தார் என்று நினைக்கிறேன்.

டீச்சர் என்றால் நகரத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய வாப்பா மாத்தளையில் பெயர்போன முஸ்லிம் வியாபாரி. மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கிக் காயவைத்து ஏற்றுமதிக்குக் கொடுக்கும் ஸ்டோர் ஒன்று, லொறிகள், பிரதான வீதியில் ஹாட்வெயார் கடை, உக்குவளைக்கு அப்பால் மிளகும் கொக்கோவும் உள்ள தோட்டம். எல்லாவற்றையும் ஒரு தாய்க்கம்பெனிக்குள் போட்டுவிட்டு மௌத்தாகி மறைந்து போனார். பிள்ளைகள் இரண்டே பேர். மார்க்க முறைப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. அண்ணன் அதன்பின் ஐந்தாவதாக ஒரு கல்யாண மண்டபமும் கட்டினார். அவரை ஊரே முதலாளி என்றுதான் அழைக்கும், நானும் அப்படித்தான். தங்கை மட்டும் நானா என்பார்.

"மிஸ், இவ்வளவு காலமும் நானா காட்டின எடத்துல கையெழுத்து வெச்சன்" என்றார் டீச்சர். "இப்ப எனக்குச் சின்னப் புள்ளைகளுக்கு ஒரு பாலர் பாடசாலை நடத்தணும். யார்ட்டயும் கேக்காம நடத்தணும். என்ட மூணுல ஒண்ட எடுத்துக்கிட்டு வெளிய வரப் போறன்."

"வந்திரலாம். முதலாளி என்ன சொல்றாரு?"

"சரி சென்னாரு. அதுதான் பயமா ஈக்கி. விலைய நீங்களும் அவர்ட ஓடிட்டரும் பேசி முடிக்கட்டாம்." சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "மிஸ், என்ட பங்கயும் விடேலாது, நானாவயும் விடேலாது. அத வெச்சுக் கணக்குப் பாருங்க."

பங்கை மட்டும் கணக்குப் பார்க்கத்தான் எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை.

முதலாளியின் கணக்குகளைச் சரிபார்க்கும் ஓடிட்டர் கண்டிக்காரர், நல்ல மனிதர், கோபமே வராது. கோபம் வராதவர்களோடு சண்டை பிடிப்பது எவ்வளவு சிரமம் என்பது என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். முதலாளியின் கந்தோர், அதாவது அலுவலகம், மிளகு ஸ்டோரின் மேல்மாடியில் ஒரு நீள அறை. கீழேயிருந்து வரும் மிளகுத் தூசியில் முதல் நாள் நான் தும்மிய தும்மலில் பேச்சே நடக்கவில்லை. இரண்டாம் நாள் ஓடிட்டர் தன் முடிவை ஒரே தாளில் நீட்டினார். எல்லாத் தொழில்களின் மதிப்பையும் கூட்டி, அடியில், குழுமக் கழிவு, இருபத்தைந்து வீதம்.

"ஏன் இருபத்தஞ்சு?" என்றேன்.

"வழக்கமா அவ்வளவுதானேங்க" என்றார்.

நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

கழிவுக்கு முன் இன்னொரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு தொழிலும் எவ்வளவு உழைக்கிறது என்று பார்க்கப் போனால், பார்க்கவே முடியவில்லை. தோட்டத்து மிளகு ஸ்டோருக்கு வருகிறது, விலை எழுதுவதில்லை. லொறிகள் ஸ்டோரின் மூட்டைகளைக் கொழும்புக்குக் கொண்டுபோகின்றன, கூலி எழுதுவதில்லை. மண்டபத்துக்குப் பெயின்டும் தகரமும் ஹாட்வெயாரிலிருந்து சும்மா போகின்றன. வருட முடிவில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி ஒரு லாபம், அவ்வளவுதான்.

முதலாளியிடம் கேட்டேன். வெண்தாடியும் வெள்ளைத் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"எங்கட வாப்பா சென்ன பேச்சு மிஸ் அது. ஊட்டுக்குள்ள பில் எழுதினா பரக்கத் போயிரும்."

பரக்கத் என்றால் இறைவன் தரும் விருத்தி. அது போய்விடும் என்று ஒருவர் சொன்ன பிறகு, நான் தேய்மானத்தையும் இலாப விகிதத்தையும் பற்றி என்ன பேசுவது?

அந்த நம்பிக்கைக்கு ஒரு வடிவமும் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் நான்கு தொழில்களின் பொறுப்பாளர்களும் மண்டபப் பொறுப்பாளரும் முதலாளி வீட்டுக்கு வருவார்கள். ஒரு பெரிய சஹன் தட்டில் புரியாணி, அதைச் சுற்றி முதலாளியோடு ஆறு பேர், ஒரே தட்டில் ஆறு கைகள். பெண்களுக்கு உள்ளே வேறு சஹன். அந்தச் சமையலறை, சமையல்காரர், மேல்மாடிக் கந்தோர், முதலாளியின் கார் எல்லாம்தான் அந்தக் குழுமத்தின் தலைமையகச் செலவு. கொழும்பில் கண்ணாடிக் கட்டடத்துக்குச் செலவழிப்பார்கள், இவர்கள் ஆட்டிறைச்சிக்குச் செலவழித்தார்கள். சாப்பிட்டுப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இது மேல்.

டீச்சர்தான் வழி கண்டார். ஒரு வெள்ளிக்கிழமை உள்ளே பெண்களின் சஹனைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது அண்ணனுக்குக் கேட்கும்படி வாசல் திரைக்கு அப்பால் குரல் கொடுத்தார். "நானா, சஹன்ல சாப்பிடக்குள்ள கணக்கு வேணாம், நான் ஒத்துக்கிறன். எழும்பிப் போறவளுக்குக் கணக்கு வேணுமே. ஒரு போகத்துக்கு மட்டும் பில் எழுதுவோம். காசு கைமாற வேணாம். பரக்கத்துக்கும் ஒண்டும் ஆகாது."

வெளியே இருந்த முதலாளி, "காசு மாறாட்டிச் சரி" என்றார்.

அந்த மிளகுப் போகம் முடியும் வரை நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். வெளியாருக்கு என்ன விலையோ அதே விலையில் ஒருவருக்கொருவர் பில் எழுத வேண்டும் என்பது மட்டும்தான் நான் சொன்ன விதி. முதல் கிழமை எல்லாரும் வெட்கப்பட்டார்கள். இரண்டாம் கிழமை லொறிப் பொறுப்பாளர் மண்டபத்துக் கதிரைகளை ஏற்றி இறக்கியதற்குப் பில் அனுப்பினார், காத்திருந்த நேரத்துக்கும் சேர்த்து. மண்டபப் பொறுப்பாளர் கொதித்துப் போனார். ஹாட்வெயார்காரர் பழைய உறவெல்லாம் மறந்து ஒரு இறாத்தல் ஆணிக்குக்கூடப் பில் துண்டு வைத்தார். ஸ்டோர்க்காரர் தோட்டத்து மிளகை நிறுத்துப் பார்த்து, ஈரம் கூடுதல் என்று விலையைக் குறைத்தார். இத்தனை வருடமும் அதே ஈர மிளகைத்தான் மாஷா அல்லாஹ் என்று வாங்கிக் கொட்டினாராம். அந்த வெள்ளிக்கிழமை சஹனைச் சுற்றி ஆறு பேரும் சோற்றைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

"மிஸ், நீங்க எங்கட ஊட்டுக்குள்ள கொழும்பக் கொண்டந்துட்டீங்க" என்றார் முதலாளி. கோபமாகச் சொல்லவில்லை.

போகம் முடிந்து பில்களைப் பிரித்துப் பார்த்தபோது, இவ்வளவு காலமும் யார் யாரைச் சுமந்தார்கள் என்று தெரிந்தது. லொறிகளைத் தண்டம் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் ஸ்டோருடையது என்று நினைத்த கொழுத்த லாபத்தில் ஒரு பகுதி லொறிகளின் இலவச ஓட்டம். மண்டபம் நன்றாக ஓடுகிறது என்று நினைத்திருந்தார்கள். அது ஹாட்வெயாரின் பெயின்டிலும் லொறிகளின் டீசலிலும் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாம் ஒரு பைக்குள் இருக்கும்போது யார் யாரைச் சுமந்தால் என்ன, கூட்டுத்தொகை ஒன்றுதானே என்று ஓடிட்டர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அளவுகோல்கள் வேறு. மிளகு வியாபாரத்தின் லாபத்தை, விலை ஏறி இறங்குவதால், பல வருடச் சராசரி எடுத்து ஆறு மடங்காக மதித்தேன். லொறி தேய்ந்து போகும் சாமான், வடக்குப் பாதையும் எந்த நேரம் மூடும் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே அதன் லாபத்தை நான்கு மடங்குக்கு மேல் மதிக்க எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்துக்குக் காணியும் விளைச்சலும். ஒரு ரூபா லாபம் ஸ்டோரில் இருந்தால் ஆறு ரூபா, அதே ரூபா லொறியில் இருந்தால் நான்கு. அதனால் ரூபாவை அதன் சொந்த வீட்டில் கொண்டுபோய் வைத்தபோது கூட்டுத்தொகை கொஞ்சம் இறங்கியது. டீச்சரின் முகமும் இறங்கியது. உண்மை எந்தப் பக்கம் இறங்கினாலும் உண்மைதான் டீச்சர் என்றேன். கணிதம் படிப்பித்தவர், தலையாட்டினார்.

அவர்களுடைய உண்மையான தொகைகளைச் சொல்வது முறையல்ல. சின்ன எண்களாகச் சுருக்கிச் சொல்கிறேன். ஸ்டோர் நாற்பத்தைந்து, தோட்டம் முப்பது, ஹாட்வெயார் இருபத்து நான்கு, லொறிகள் இருபத்து நான்கு. கூட்டினால் நூற்று இருபத்து மூன்று. வங்கிக் கடன் பதினைந்து போகும். கந்தோருக்கும் சமையலறைக்கும் காருக்கும் வருடா வருடம் போகும் செலவை ஒரே தொகையாக்கினால் அதற்கும் பதினைந்து போகும். மண்டபத்தை இப்போது போலவே நட்டத்தில் நடத்திக்கொண்டு போனால் அது ஒரு சொத்தே அல்ல, சுமை, அதற்கு ஒன்பது போகும். மிச்சம் எண்பத்து நான்கு. டீச்சரின் பங்கு இருபத்தெட்டு.

ஓடிட்டர் அந்த எண்பத்து நான்கிலிருந்தும் இருபத்தைந்து வீதத்தைக் கழித்தார். அறுபத்து மூன்று. டீச்சருக்கு இருபத்தொன்று.

இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். மேல்மாடியில் முதலாளி, டீச்சர், ஓடிட்டர், நான் என நால்வரும் உட்கார்ந்திருந்தோம். ஒரு வெள்ளைத் தாளை ஓடிட்டர் முன் வைத்தேன்.

"இந்த இருபத்தஞ்சு ஏன்னு இதுல எழுதுங்க. நான் குறுக்க பேசவே மாட்டேன்."

அவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். "ஒண்ணு, தலைமையகச் செலவு. எல்லாத் தொழில் லாபத்தையும் அது கடிக்குது. ரெண்டு, நல்ல தொழில் உழைக்கிற காச எடுத்து நட்டப்படுற தொழில்ல போடுறாங்க. மூணு, எது எவ்வளவு உழைக்குதுன்னு வெளியாளுக்குத் தெரியாது, தெரியாத சாமானுக்கு யாரும் முழு விலை கொடுக்க மாட்டாங்க. நாலு, மிளகு மட்டும் வேணும்னு வர்றவன் லொறியையும் ஆணியையும் சேர்த்து வாங்கணும். அஞ்சு, மூணுல ஒரு பங்கு வாங்குறவனுக்கு எதையும் மாத்துற அதிகாரம் இல்ல."

ஐந்தும் சரியான காரணங்கள். கொழும்பில் எனக்குக் கிடைக்காத பதில் கண்டிக்காரரிடமிருந்து கிடைத்ததில் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். அதை வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். பிறகு பேனையை வாங்கினேன்.

"தலைமையகத்துக்குப் பதினஞ்சு ஏற்கனவே கழிச்சாச்சு." முதலாவதை வெட்டினேன். "நட்டப்படுற மண்டபத்துக்கு ஒன்பது கழிச்சாச்சு." இரண்டாவதை வெட்டினேன். "எது எவ்வளவு உழைக்குதுன்னு இப்ப தெரியும். ஆணிக்குக்கூட பில் இருக்கு." மூன்றாவது. "ஒரே மாட்ட ரெண்டு தரம் அறுக்க ஏலாதுங்களே."

"நாலும் அஞ்சும்?" என்றார், முகம் மாறாமல்.

"அது ரெண்டும் வெளியாளுக்கு. பங்கு நாளைக்குக் கடைத்தெருவுக்கு வந்தா அந்தக் கழிவு நியாயம், நானே எழுதித் தாறேன். ஆனா வாங்குறவரு முதலாளி. எல்லாத் தொழிலும் அவருக்கு வேணும், எல்லா அதிகாரமும் அவர்கிட்டத்தான் இருக்கு. டீச்சர்கிட்ட அதிகாரம் இல்லன்னு கழிச்சு வாங்கினா, வாங்கின நிமிஷமே அந்தக் கழிவு அவருக்கு லாபம். தங்கச்சிகிட்ட குறைஞ்சு போறது அண்ணன்கிட்ட போய் முழுசாயிருது."

ஓடிட்டர் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிங்க" என்றார். அவ்வளவுதான். எண்பத்து நான்கு நின்றது. அப்படி ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் என் போன்றவர்களுக்குப் பிழைப்பே ருசிக்காது.

ஆனால் முதலாளி வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார். "கழிவு, கழிவு என்டு ரெண்டு பேரும் செல்றீங்க" என்றார் மெதுவாக. "வாப்பா ஏன் இவ்வளவு தொழில் செஞ்சாருண்டு யாராவது கேட்டீங்களா? கலவரத்துல ஹாட்வெயார் கடைய ஒடச்சாங்க. அந்த வருஷம் எங்களுக்குச் சோறு போட்டது மிளகு. மிளகு விழுந்த வருஷம் லொறி. றோட்ட மூடின வருஷம் தோட்டம். ஒண்ட மட்டும் வெச்சிருந்தா நாங்க இந்த ஊர்லயே இல்ல. அதுக்குக் கூட்டணும் மிஸ். நீங்க கழிக்கிறீங்க."

பேனையை மூடிக் கீழே வைத்தேன். அது எனக்கு அடிக்கடி நடப்பதில்லை. கொழும்பில் நாங்கள் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. முதலீட்டாளர் தானே பத்துக் கம்பெனிப் பங்குகளை வாங்கித் தன் ஆபத்தைப் பரப்பிக்கொள்வார், அதைக் கம்பெனி அவருக்காகச் செய்ய வேண்டியதில்லை, செய்தால் அதற்கு விலை கிடைக்காது. பங்குச் சந்தை பக்கத்தில் இருப்பவருக்கு அது சரி. மாத்தளையில் கடை நடத்திய ஒரு வாப்பாவுக்கு எந்தச் சந்தை இருந்தது? அதை அவரிடம் அப்படியே சொன்னேன். அவருக்கு அது பிடித்துப் போயிற்று. கீழே ஆள் அனுப்பித் தேநீர் வரவழைத்தார்.

"அந்த ஒன்பது என்ன? மண்டபம்?" என்றார் தேநீரைக் குடித்தபடி.

"நட்டம் முதலாளி. மூடிட்டுக் காணிய வித்தா பன்னிரண்டு வரும். நடத்தினா ஒன்பது போகும்."

"மூடேலாது."

"ஏன்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். டீச்சர்தான் பதில் சொன்னார். "தோட்டத்துப் புள்ளைகளுக்கும், ஊர்ல வசதியில்லாத ஆக்களுக்கும் நானா மண்டபத்தச் சும்மா குடுக்கிற. சிங்களவங்க, தமிழங்க, எங்கட ஆக்கள், யார் வந்தாலும். சில நேரம் கதிரையோட சோறும் போகும். கணக்குல வராது."

மண்டபப் பொறுப்பாளரின் பில்களில் பாதிக்குக் கீழே வாடகை என்ற இடம் வெறுமையாக இருந்ததன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெட்டி எறிய இருந்த ஒரு நட்டம் திடீரென்று ஒரு மனிதரின் குணமாகிவிட்டது. ஆனாலும் நான் நான்தானே.

"அப்ப அது தொழில் இல்ல முதலாளி, தர்மம். நல்ல காரியம். ஆனா அதுல மூணுல ஒரு பங்கு டீச்சரோட காசு. அவங்ககிட்ட கேட்டீங்களா?"

ஓடிட்டர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். டீச்சர் என் கையைப் பிடித்தார், போதும் என்பது போல. நானாவை விட முடியாது என்று அவர் சொன்னது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

முதலாளி தாடியை நீவினார். "கேக்கல்ல" என்றார். தங்கையின் பக்கம் திரும்பினார். "ஒன்ட காசுல நான் நன்ம தேடிட்டன் தங்கச்சி."

"நன்மதானே நானா" என்றார் டீச்சர்.

"மண்டபத்த என்ட பேருக்கு எழுதுங்க. காணி விலைக்கே எடுக்கிறன். என்ட பங்குல கழிங்க."

கணக்கு ஒரு நிமிடத்தில் மாறியது. ஒன்பது போவதற்குப் பதில் பன்னிரண்டு வந்தது. எண்பத்து நான்கு நூற்றைந்து ஆனது, டீச்சரின் பங்கு முப்பத்தைந்து. ஓடிட்டர் தாமாகவே கூட்டிப் பார்த்துச் சரி போட்டார். சமையலறையை வைத்துக்கொள்வதும் முதலாளிதானே, அந்தப் பதினைந்திலும் ஒரு பகுதியை அவர் பக்கம் தள்ளலாமே என்று நான் வாயைத் திறந்தேன். டீச்சர் விடவில்லை. "அது ஈக்கட்டும் மிஸ். நானும் அதுல சாப்பிட்டவதானே."

காசாக முப்பத்தைந்தைக் கொடுக்கக் கம்பெனியிடம் காசு இல்லை, எல்லாம் மிளகாகவும் காணியாகவும் கிடந்தது. வங்கியில் கடன்படலாம் என்று ஓடிட்டர் தொடங்கும்போதே டீச்சர் குறுக்கிட்டார். "பகுதி பகுதியா விலை போட்டீக்கிதானே. பகுதியாவே தாங்க. லொறி இருபத்து நாலு. உக்குவளை றோட்டோரத்துத் தோட்டக் காணில பதினொண்டுக்கு ஒரு துண்டு. பாலர் பாடசாலைக்குக் காணியும் ஆச்சு, சம்பளம் குடுக்க லொறியும் ஆச்சு."

முதலாளி சிரித்துவிட்டார். "பில் எழுத முந்தி கேட்டிருந்தா லொறிய பத்துக்குத் தந்திருப்பன். ஒன்ட பில்லால நீயே விலைய ஏத்திக்கிட்டாய்."

"அப்பிடி எடுத்தா எனக்குச் செரிக்காது" என்றார் டீச்சர்.

உறுதிப் பத்திரங்கள் எழுதிக் கையெழுத்தாயின. டீச்சர் லொறிகளுக்கு முதலாளியானதும் செய்த முதல் வேலை, மிளகு மூட்டைகளைக் கொழும்புக்கு ஏற்றியதற்கு அண்ணனுக்கு ஒரு பில் அனுப்பியது. இம்முறை காசு கைமாறும் பில். முதலாளி அதை இரண்டு தரம் படித்துவிட்டு முழுசாகக் கட்டினார் என்று ஓடிட்டர் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை டீச்சர் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் போகவில்லை. "பில் அனுப்பிட்டு எந்த முகத்தோட போய்ச் சோறு திங்க?" என்றார் என்னிடம். அவரை நான் அவ்வளவு சோர்ந்து பார்த்ததில்லை. முப்பத்தைந்தையும் வாங்கிக் கொடுத்தவள் நான். அன்றைக்கு அது எனக்குப் பெருமையாக இல்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை நான் உக்குவளைக் காணிக்குப் போயிருந்தேன். பாலர் பாடசாலைக்கு அரைச் சுவர் எழுப்பி, தகரக் கூரை போட்டிருந்தார்கள். டீச்சரின் லொறி ஒன்று வந்து நின்று, சின்னச் சின்னக் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தது. பகல் தொழுகை முடிந்த நேரம் முதலாளியின் கார் வந்தது. அவரே இறங்கிப் பின்கதவைத் திறந்து, துணியால் மூடிய சஹனை இரண்டு கைகளாலும் எடுத்துக்கொண்டு வந்தார். நெய் வாசம் அவருக்கு முன் வந்தது.

டீச்சர் எழுந்து நின்றார்.

"கம்பெனிய விட்டுத்தானே போனாய்" என்றார் முதலாளி. "ஊட்ட விட்டா போனாய்?"

ஒரு மேசையில் சஹனை வைத்தார். பிறகு சுற்றிப் பார்த்தார், லொறியை, கதிரைகளை, கதிரைகளைச் சுமக்கும் ஆட்களை. தங்கையின் பக்கம் திரும்பினார்.

"இந்தக் கதிரை ஏத்தினதுக்கு லொறிக்காரன் ஒன்ட பாடசாலைக்குப் பில் போட்டானா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"என்ன பேச்சில்ல?"

"ஊட்டுக்குள்ள பில் எழுதினா..." என்று தொடங்கினார் டீச்சர். முடிக்கவில்லை.

முதலாளி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "வாப்பாட மகள்தான் நீ" என்றார். சஹனின் மூடியைத் திறந்து, இறைச்சித் துண்டுகளைத் தங்கையின் பக்கம் தள்ளினார். டீச்சர் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டு அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து, அதே தட்டில் கை வைத்தார்.

எனக்குத் தனிப் பீங்கானில் போட்டுத் தந்தார்கள். நிறையவே போட்டார்கள். பாதி சாப்பிட்டு முடிந்ததும் முதலாளி, மண்டபத்தில் அடுத்த கிழமை லக்கலப் பக்கத்து ஏழைப் பிள்ளை ஒன்றுக்குக் கல்யாணம், கதிரை கொண்டுபோக லொறி வேண்டும் என்றார். எவ்வளவு கேட்பாய் என்றும் கேட்டார். டீச்சர் வாயில் சோற்றோடு, கூலியில் தன் பழைய பங்கான மூன்றில் ஒன்றைக் கழித்துத் தருவதாகச் சொன்னார்.

ஏன் கழித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.